திரும்பும் படகுக்கு வைத்த சார்ஜ்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் எங்கள் மகளுக்கும் சேர்த்து ஒரு படம் கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. தாராவியில் டீ குடிப்பதைக்கூடப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள், எங்கள் மூன்று பேருக்கு ஒரு படத்துக்கு வழியில்லை. அவர் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறார். கப்பல் ஏறும்போது ஹிபா என் வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு ஏழு மாதம். ஒப்பந்தம் முடிந்தும் மாற்று ஆள் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி அவரை இறக்காமலே வைத்திருக்கிறார்கள்.

என் நாத்தனார் புருஷன் நசீர் அண்ணன் ஒருமுறை எங்கள் மூவரையும் போனிலேயே ஒட்டி ஒரு படம் செய்து அனுப்பினார். அதில் என் வீட்டுக்காரர் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். பின்னால் சுவிட்சர்லாந்து. நான் அதை அன்றைக்கே அழித்துவிட்டேன். என் மாமியார் மட்டும் மேலப்பாளையத்தில் அதை பிரிண்ட் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். குரல் தெளிவாக இருந்தது.

"ஏளா சஃபீனா, எங்க இருக்கேன் சொல்லு பாப்போம்."

"துபாயா?"

"உனக்கு நேரா இருக்கேன். பம்பாய் ஹார்பர்ல நங்கூரம் போட்டுருக்கு. ராத்திரி உங்க பக்கத்து லைட்டெல்லாம் தெரியுது."

தாராவியிலிருந்து டாக்சி பிடித்தால் ஒரு மணி நேரத்தில் கடற்கரை. ஆனால் இறங்க முடியாதாம். கரைக்குக் கொண்டுவிட லாஞ்ச் படகு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் ஆர்டர் வரும், வெள்ளிக்கிழமை காலையில் குஜராத் பக்கம் கிளம்பிவிடுவார்கள் என்றார். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதற்கு வராமலே இருந்திருக்கலாம் என்று கத்தினேன். நான் கத்தி முடித்ததும் அவர் சொன்னார்.

"எலிஃபெண்டா தீவுக்குப் போற படகு எங்க கப்பல ஒட்டித்தான் போவுது. காலையில இருந்து எண்ணிக்கிட்டே இருக்கேன். திரும்பி வரும்போது இன்னும் பக்கம். ஆள் போட்டிருக்க சட்டைக் கலரு தெரியுது."

மீதியை இரண்டு பேருமாகப் பேசி முடித்தோம். அவருக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வாட்ச் டியூட்டி. அது முடியாமல் மேல்தட்டுக்கு வர முடியாது. ஆகவே போகும் படகு உதவாது. சாயங்காலம் திரும்பும் படகில் நான் ஹிபாவோடு நிற்க வேண்டும், பின்னால் கப்பலில் அவர் நிற்க வேண்டும், மூவரும் ஒரே படத்தில் வர வேண்டும். அவர் எடுக்க முடியாது. எண்ணெய்க் கப்பலில் வெளித்தட்டுக்குப் போனைக் கொண்டு வரவே கூடாது, ஒரு பொறி போதும் என்பார்கள். ஆகவே இருக்கிற ஒரே கேமரா என் போன்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பேட்டரி தளர்ந்துவிட்டது. இருபத்தைந்துக்குக் கீழே போனால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும், அதிலும் கேமராவைத் திறந்தால் உடனே. ஆகவே என் கணக்கில் இருபத்தைந்து என்பது பூஜ்யம். யாராவது "இன்னும் கால்வாசி இருக்கே" என்றால் எனக்கு எரிச்சல் வரும்.

அந்த வாரம்தான் நசீர் அண்ணனும் என் நாத்தனார் சாயிரா மதினியும் ஊரிலிருந்து பம்பாய் பார்க்க வந்திருந்தார்கள். வியாழக்கிழமை ஹாஜி அலி தர்கா, கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபெண்டா குகை என்று முன்பே பேசி வைத்தது. நல்லதாகப் போயிற்று, கைக்குழந்தையோடு நான் தனியாகப் படகில் போனால் படம் யார் எடுப்பது? கண்ணில் படுகிறவரிடம் போனைக் கொடுக்க எனக்கு மனசு வராது. என் முகமும் பிள்ளை முகமும் எவனோ ஒருவன் போனில் போய்க் கிடப்பது அதைவிடப் பிடிக்காது.

நான் தோல் பைக் கடையில் பில் போடுகிறவள். ஒன்றைக் கொடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் தினமும் என் வேலை. புதன்கிழமை முழுக்க அதையே யோசித்தேன். என் பவர் பேங்கில் பத்தாயிரம் எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும். போனுக்குள் போய்ச் சேர்வது ஆறாயிரம் இருந்தால் பெரிது, மற்றது சூடாகவும் வழியிலும் போய்விடும். என் போனை ஒரு தடவை நிரப்பி, இன்னும் கொஞ்சம் மிஞ்சும். நசீர் அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி. என் போன் பகல் முழுக்க ஃப்ளைட் மோடில் இருக்கும், செய்தி பார்க்க மட்டும் நடுவில் இரண்டு முறை திறப்பேன். கடலில் டவர் சரியாகக் கிடைக்காது, போன் தேடிக்கொண்டே இருந்து சார்ஜைத் தின்றுவிடும். வீடியோ கிடையாது. சார்ஜ் ஏற்றுவது டாக்சியில், நிழலில். வெயிலில் ஏற்றினால் சூடாகிப் பாதியில் நின்றுவிடும்.

இதையெல்லாம் போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரித்தார்.

"எங்க சீஃப் இன்ஜினியர் தோத்தாரு போ. சரி, துறைமுகம் சேர்றதுக்குன்னு கொஞ்சம் எண்ணெய ஒதுக்கி வைப்போம். என்ன வந்தாலும் அதத் தொடமாட்டோம். நீ எவ்வளவு ஒதுக்கி வச்சிருக்க?"

"அம்பது. படகுல ஏறும்போது அம்பது இருக்கணும்."

"இருக்கும். நீ பிடிச்சா விடமாட்டியே. பச்சைத் துப்பட்டாவ மேல போட்டுக்க, எல்லாரும் கறுப்பு புர்கால இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? நான் நம்ம நீலக்கட்டம் சாரத்தக் கையில பிடிச்சிருப்பேன்."

சாரம் என்றால் எங்கள் பக்கத்தில் கைலி. கப்பலில் எல்லாரும் ஒரே ஆரஞ்சு உடுப்பில் இருப்பார்கள், அந்தச் சாரம் இல்லாவிட்டால் எனக்கும்தான் எப்படித் தெரியும்?

எங்கள் மாடி அறையில் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக். புதன் இரவு என் போனை நிரப்பி எடுத்துவிட்டு, பவர் பேங்கைச் சொருகிப் படுத்தேன். அது நிரம்ப முழு ராத்திரியும் வேண்டும். காலையில் எழுந்து அமுக்கிப் பார்த்தால் நாலு விளக்கில் இரண்டுதான் எரிந்தது. பிளக்கில் நசீர் அண்ணன் போன், நூறு சதவீதம் நிறைந்து ஒய்யாரமாகக் கிடந்தது.

"ராத்திரி முழிப்பு வந்துச்சு. பிளக் கிழக்குப் பக்கமில்லா இருக்கு, போன் அங்க இருந்தா சிக்னல் நல்லா வருமேன்னு மாத்தி வச்சேன்," என்றார் அண்ணன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. பிறர் பொருள் என்ற எண்ணம் மட்டும் கிடையாது. அதுவும் அவர் குற்றமா என்றால் முழுக்க இல்லை. எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை என்று ஒருவர் வந்துவிட்டால், கோழியில் ஈரல் அவருக்கு, ஃபேனுக்கு நேரான இடம் அவருக்கு, கேட்பதற்குமுன் எல்லாம் கைக்கு வந்துவிடும். இருபது வருஷம் இப்படி நடத்தினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அந்த வீட்டு மருமகளாகிய நான் அவரிடம் "ஏன் எடுத்தீங்க" என்று கேட்டால், மத்தியானத்துக்குள் மேலப்பாளையம் முழுக்கத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது வாயைத்தான்.

டாக்சியில் ஏறியதிலிருந்து அவர் போன் வாயை மூடவில்லை. மாஹிமிலிருந்தே ஊரில் உள்ள தம்பிமாருக்கு வீடியோ கால். கடல் வந்தால் கடலைக் காட்டுகிறார், பாலம் வந்தால் பாலத்தைக் காட்டுகிறார், டிராஃபிக் நின்றால் முன்னால் நிற்கும் பஸ்ஸைக் காட்டுகிறார். ஹாஜி அலி போய் ஜியாரத் முடித்து வெளியே வரும்போது அவர் போன் நாற்பதுக்கு வந்துவிட்டது.

"சஃபீனா, அந்த பவர் பேங்கத் தாம்மா."

கொடுத்தேன். அவருடைய பாதி என்று நான் ஒதுக்கியது அது, கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது இருப்பதே பாதி. கொலாபா போய்ச் சேர்வதற்குள் ஒரு விளக்குதான் மிஞ்சியது. அவர் அதைச் சொருகிக்கொண்டே வீடியோ எடுத்தார், போன் தோசைக்கல்லாகச் சுட்டது. ஏறுவதும் இறங்குவதும் ஒன்றாக நடந்தால் என்னதான் சேரும்? நான் அதை வாங்கி ஹிபாவின் பையில், டயப்பர்களுக்கு அடியில் வைத்தேன். அங்கே யாரும் கை விடமாட்டார்கள்.

மத்தியானம் ஓட்டலில் சாப்பிடும்போது கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பார்த்துவிட்டேன். என் பையில் சார்ஜர் இருந்தது. கல்லாவில் இருந்தவரிடம் "பையா, தோடா சார்ஜ்" என்று ஹிந்தியில் கொஞ்சம் சார்ஜ் கேட்டேன், தலையாட்டினார். என் போன் அப்போது எழுபத்தெட்டு. அதைச் சொருகாமல் நசீர் அண்ணன் போனை வாங்கிச் சொருகினேன்.

சாயிரா மதினி பார்த்துக்கொண்டே இருந்தார். "உன் போன போடாம அவருக்குப் போடுதே?"

"அண்ணன் போன் நிறைஞ்சிருந்தாத்தான் என் போனுக்கு நிம்மதி, மதினி."

மதினி சிரித்தார். அவருடையது பட்டன் போன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் கேமரா ஒருவர் கையில்தான்.

அண்ணன் பிரியாணி இரண்டாம் தடவை வாங்கினார், அல்ஹம்துலில்லாஹ், அதில் அவர் போன் அறுபது தாண்டியது. படகில் ஏறும்போது என் கணக்கு இப்படி: என் போன் எழுபத்தேழு, பவர் பேங்கில் ஒரு விளக்கு, அண்ணனுக்கு அறுபது. எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது.

போகும்போது கப்பலைப் பார்த்தேன். சிவப்பு அடிப்பாகம், மஞ்சள் புகைக்கூண்டு, அவர் சொன்ன பெயர் முன்னால் வெள்ளை எழுத்தில். தட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. உள்ளே எங்கோ அவர் வாட்சில் இருக்கிறார். ஹிபா மடியில் தூங்கினாள். நான் போனைத் தொடவில்லை. கையை அக்குளில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எலிஃபெண்டாவில் நான் எதிர்பாராதது என் மாமி.

குகைக்குப் படியேறி முடிப்பதற்குள் நசீர் அண்ணன் போன் செத்துவிட்டது. கடலை, படியை, படிக்கடைகளை, கடைசியில் குரங்கு ஒன்று யாரோ ஒருவருடைய சோளத்தைப் பிடுங்கியதை, எல்லாவற்றையும் மிக உயர்ந்த தரத்தில் வீடியோ எடுத்திருந்தார். அதற்கு முன்னால் மாமியிடம் "குகையக் காட்டுதேன், போன கையிலயே வச்சிருங்க" என்று வாக்கும் கொடுத்திருந்தார். எனக்கு மாமியார் என்றால் அவருக்கும் மாமியார்தானே.

"உன் போனக் குடும்மா, ரெண்டே நிமிஷம். மாமி காத்துக்கிட்டிருப்பாக."

இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணனுக்காகக்கூட இல்லை. முழங்கால் வலியால் தெருமுனைக்குக்கூடப் போகாத மனுஷி, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். மகன் படத்தை சுவிட்சர்லாந்தோடு மாட்டி வைத்திருப்பவர் அல்லவா. ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நிமிஷம் எப்போது இரண்டு நிமிஷமாக இருந்தது? டவர் அங்கே ஒரு கோடு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. படம் உறையும், அறுந்து போகும், மறுபடி கூப்பிடுவார். வெயிலில் திரை தெரியவில்லை என்று வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்தார். மாமி ஒவ்வொரு தூணாகக் காட்டச் சொன்னார். போன் திரும்பி என் கைக்கு வந்தபோது இருபத்தெட்டு. தொட்டால் சுட்டது.

என் கணக்கில் இருபத்தெட்டு என்றால் மூன்று. ஒதுக்கி வைத்த ஐம்பதை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். மதினி என் முகத்தைப் பார்த்து "என்னளா?" என்றார். நான் விறுவிறுவென்று படியிறங்கினேன். பாதிப் படியில் எனக்குள் ஏதோ உறுதியாகிவிட்டது. போனது போகட்டும், இருக்கிற மூன்றையும் அந்த ஒரு விளக்கையும் வைத்து நான் இதை முடிப்பேன்.

முதலில் ஃப்ளைட் மோட். போனின் உறையைக் கழற்றினேன். சூட்டோடு சார்ஜ் போட்டால் ஏறாது, பவர் பேங்குதான் வீணாகும். குளிர்ந்த தண்ணீர் பாட்டில் மேல் வைக்கச் சொன்னார் மதினி. வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும் என்றேன். துப்பட்டா நிழலில், கடல் காற்று படுகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டே படகுத்துறை வரை நடந்தேன். படகுக்கு வரிசையில் நிற்கும்போது சூடு தணிந்திருந்தது. பையின் அடியிலிருந்து பவர் பேங்கை எடுத்துச் சொருகினேன்.

நசீர் அண்ணன் கண்ணுக்கு அது உடனே தட்டுப்பட்டது. "அடடே, இன்னும் இருக்கா! தாம்மா, சூரியன் இறங்குறத படகுல இருந்து எடுத்தா ஜோரா இருக்கும். அஞ்சு பர்சண்ட் ஏறினாப் போதும்."

கை நீட்டினார். இருபது வருஷமாக வெறுமையாகத் திரும்பாத கை.

"இல்ல அண்ணன்."

"என்னது?"

"தரமாட்டேன். இது உங்க மச்சினனுக்கு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்திருக்கும். அண்ணன் முகம் சுருங்கியது. கப்பல் விஷயத்தை நான் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் முதலில் ஸ்டேட்டஸில் போடுவார், கம்பெனிக்காரர்கள் காதுக்குப் போனால் என் வீட்டுக்காரருக்கு வில்லங்கம் என்ற பயம். இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கப்பல், நாலு மணி வாட்ச், நீலக்கட்டம் சாரம், மூவருக்கும் ஒரே படம். ராத்திரி பிளக்கிலிருந்து பிடுங்கியது என்னவென்பதையும் சேர்த்தே சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டேன்.

சாயிரா மதினி என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தார். "என் தம்பி அங்க நிக்கான். நீங்க குரங்கப் படம் எடுத்தீய," என்றார். அவ்வளவுதான்.

அண்ணன் கையை மடக்கிக்கொண்டார். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டு பேசாமல் வந்துவிடுவார் என்று நினைத்தேன். திரும்பியபோது வேறு ஆளாக இருந்தார்.

"படம் யாரு எடுக்கா?"

"நீங்கதான். வேற யாரு இருக்கா?"

"அப்ப நான் சொல்றபடி நிக்கணும். கப்பல் தூரத்துல இருக்கும். உன்னையப் பக்கத்துல வச்சு எடுத்தா அவன் எறும்பாயிருவான். ஜூம் பண்ணினா நீ பிரேமுக்கு வெளிய போயிருவ. நீ படகோட ஒரு கோடில, நான் மறு கோடில. அப்ப ஜூம் பண்ணலாம், ரெண்டு பேரும் அடங்குவிய." வானத்தைப் பார்த்தார். "சூரியன் கேட்வே பக்கம் இறங்குது. நான் முன்னால நிக்கேன், நீ பின்னால போ. வெளிச்சம் உங்க மேல விழும். கப்பலத் தாண்டின உடனே எடுப்பேன்."

இந்தக் குரங்கு வீடியோக்காரரிடம் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதை நான் யோசிக்கவே இல்லை. சார்ஜைப் பற்றியே நினைத்து, எங்கே நிற்பது என்பதை மறந்திருந்தேன்.

மேல்தட்டுக்குத் தனியாகக் காசு கொடுத்து ஏறினோம். படகு நகர்ந்து கொஞ்ச நேரத்தில் பவர் பேங்கின் கடைசி விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது. போன் முப்பத்தைந்து. ஒயரை உருவிச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். இனி ஊற்ற ஒன்றும் இல்லை.

"கேமராவ இப்பவே தொறந்து பாத்துக்கிடவா?" என்றார் அண்ணன்.

"தொறக்காதிய. கப்பல் வரட்டும். தொறந்த உடனே குடிக்க ஆரம்பிச்சிரும். ஒண்ணு கேளுங்க, இது இருபத்தஞ்சுக்குக் கீழ வந்தா செத்துரும். முப்பதுன்னு காட்டினாலும் நம்பாதிய. முதல் படத்தையே கடைசிப் படமா நினைச்சு எடுங்க."

போனை அவர் கையில் வைத்தேன். அவர் அதை முட்டையைப் பிடிப்பதுபோல் இரு கையாலும் வாங்கிக்கொண்டு முன்னால் போனார். மதினி நடுவில் நின்று, வழியில் வருகிறவர்களை "ஏக் மினிட், ஏக் மினிட்" என்று தனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தியில் நிறுத்தினார். நான் பச்சைத் துப்பட்டாவைப் புர்காவுக்கு மேல் போட்டுக்கொண்டு, ஹிபாவோடு பின்கோடியில் போய் நின்றேன்.

சிவப்புக் கப்பல் பக்கவாட்டில் வந்தது. எவ்வளவு பெரியது. உயரத்தில், கப்பல் ஓட்டும் அறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மேடையில், ஆரஞ்சு உடுப்பில் ஒருவர். கையில் நீலமாக ஏதோ படபடத்தது. சாரம்!

அவர் ஒரு கையால் சாரத்தை ஆட்டினார். மறு கையால் கண்ணில் எதையோ வைத்திருந்தார். பைனாகுலர்.

படகு கப்பலைத் தாண்டியது. அண்ணன் முன்கோடியிலிருந்து கத்தினார். "திரும்பு! சஃபீனா, இங்க பாரு! பிள்ளையையும் இங்க திருப்பு!"

அப்போதுதான் புரிந்தது. கேமராவைப் பார்த்து நின்றால் நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு முதுகைக் காட்ட வேண்டும். பதினொரு மாதமாகப் பார்க்காத மனுஷன் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நான் அவருக்கு என் முக்காட்டையும் பிள்ளையின் பின்னந்தலையையும் காட்டிக்கொண்டு படத்துக்குச் சிரிக்க வேண்டும். ஒரு படம் அப்படி, ஒரு படம் இப்படி என்று எடுக்கலாம். அதற்குச் சார்ஜ் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? இருப்பது ஒன்று என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

"சஃபீனா! இங்க திரும்பும்மா! போயிருது!"

நான் திரும்பவில்லை. ஹிபாவின் அக்குளில் இரு கையும் கொடுத்து, கப்பலைப் பார்க்க உயரத் தூக்கினேன். என் முகத்தையும் அங்கேயே நிமிர்த்தினேன். "ஹிபா, அங்க பாரு, வாப்பா," என்று சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன், காற்று அதிகம். படகு குலுங்கிக்கொண்டே போக, மேடையில் இருந்தவர் சாரத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டார். ஆடாமல் நின்றார். சிறிதாகிச் சிறிதாகி, ஆரஞ்சு பொட்டாகும்வரை அப்படியே நின்றார்.

அண்ணன் போனோடு வந்தார். திரை கறுப்பாக இருந்தது.

"ஒரு தடவ அமுக்கினேன். ரெண்டாந்தடவ அமுக்குறதுக்குள்ள அணைஞ்சிட்டு. பதிஞ்சதா இல்லையான்னு தெரியல." போனை என்னிடம் நீட்டினார். "நீ திரும்பலியே."

"திரும்பல அண்ணன்."

தாராவியில் மாடி ஏறியதும் நசீர் அண்ணன் தன் போனைப் பையிலிருந்துகூட எடுக்கவில்லை. என் போனை அவரே பிளக்கில் சொருகிவிட்டு, அதற்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுவிட்சர்லாந்துக்குக்கூட அவர் இவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டார். போன் உயிர் வந்து, கேலரி திறந்தது.

பதிந்திருந்தது.

பச்சைத் துப்பட்டா, அதற்கு மேல் தூக்கிப் பிடித்த ஒரு சின்னத் தலை, இரண்டுமே முதுகு. அவற்றுக்கு அந்தப்பக்கம் சிவப்புக் கப்பல், அதன் உச்சியில் ஒரு பட்டாணி அளவுக்கு அவர், நேரே எங்களைப் பார்த்தபடி. பெரிதாக்கிப் பார்த்தால் சாரத்தின் கட்டம்கூடத் தெரிந்தது. மூன்று பேரும் ஒரே படத்தில். முகம் தெரிவது அவருக்கு மட்டும்தான், அதிலும் பாதி பைனாகுலர்.

அனுப்பினேன். உடனே கால் வந்தது. கேபினில் இருந்தார்.

"அல்லாஹ்வே, வந்துட்டே படம்! கேமரா அணையாமப் பிடிச்சு வச்சிட்டியேளா!"

"உங்க மக முகம் ஒண்ணும் அதுல இல்ல," என்றேன். இப்போது நிஜமாகவே அழுகை வந்தது. "நான் திருப்பல. அவ்வளவு பாடுபட்டுட்டு திருப்பாம விட்டுட்டேன்."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"நீ தூக்கிப் பிடிச்சியே, அப்ப அவ என்ன செஞ்சா தெரியுமா?"

"தெரியாது. நான் உங்களையில்லா பாத்துக்கிட்டிருந்தேன்."

"எனக்கு நேரா வாயத் தொறந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டா. வாப்பா இவ்வளவுதானான்னு." அவர் சிரித்தார். "அது படத்துல வந்திருக்கா?"

"இல்ல."

"வரவேண்டாம்," என்றார். "அது எனக்கு."